சுங்கை சிப்புட் வரலாற்றுக் கேள்வி பதில்: மூன்று 'அதனால்'

"சார், மகளின் காலக்கோட்டில் எல்லாச் சம்பவமும் இருக்கிறது. ஏன் பாதி மதிப்பெண்?" (படிவம் 5 மாணவியின் அம்மா)

தாளைப் பார்த்தேன் அம்மா. மலாயா அவசரகாலம் பற்றி மகள் எழுதியது இது: "1948 ஜூலையில் கம்யூனிஸ்டு கட்சிக்குத் தடை. அதனால் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிர்வாகிகள் கொலை. 1951இல் கர்னி கொலை. அதனால் பிரிக்ஸ் திட்டம். 1957இல் அவசரகாலம் முடிந்தது. அதனால் சுதந்திரம்." மூன்று 'அதனால்', மூன்றுமே தலைகீழ்.

பென்சிலால் ஒவ்வொரு 'அதனால்'மீதும் வட்டம் போட்டு, இரண்டு பக்கமும் மாதத்தோடு தேதி எழுதச் சொல்லுங்கள். எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுடப்பட்டது 1948 ஜூன் 16. கட்சித் தடை வந்தது ஜூலையில். வெறும் '1948' என்று எழுதினால் இந்தத் தவறு கண்ணில் படவே படாது.

இரண்டாவதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பிரேசர் மலைக்குப் போகும் வழியில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் கர்னி கொல்லப்பட்டது 1951 அக்டோபர் 6. காட்டோர மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்றிய பிரிக்ஸ் திட்டமோ 1950 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. கர்னிக்குப் பிறகு 1952இல் உயர் ஆணையராக டெம்ப்ளர் வந்து அதே வேலையை வேகப்படுத்தினார். பிள்ளைகள் மனத்தில் டெம்ப்ளரும் புதுக்கிராமமும் ஒட்டிக்கொள்வதால், திட்டமே கர்னி சாவுக்குப் பின் பிறந்ததாக நினைக்கிறார்கள்.

மூன்றாவதில் தேதியே தப்பு. அவசரகாலம் முடிந்தது 1960 ஜூலை 31, சுதந்திரம் கிடைத்து ஏறக்குறைய மூன்று ஆண்டு கழித்து. அம்புக்குறியைத் திருப்பினால் அர்த்தம் வரும்: நாடு விடுதலை அடைந்த பிறகு 'வெள்ளையனை விரட்டுகிறோம்' என்ற பேச்சு எடுபடவில்லை, 1958இல் கம்யூனிஸ்டு போராளிகள் கூட்டமாகச் சரணடைந்தார்கள்.

"அவசரகாலம் ஜூன் 16ஆ, 18ஆ? புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறதே?"

முதலில் பேராக், ஜொகூர் பகுதிகளில். 18ஆம் தேதி மலாயா முழுதும். எந்த இடத்துக்கு என்று சேர்த்து எழுதுங்கள்.

"தேதியை மனப்பாடம் செய்ய சுலப வழி சொல்லுங்க சார்."

இன்று நான்காவது முறை இதே கேள்வி. மேலே சொன்ன பென்சில் வேலையைச் செய்யுங்கள், மாதத்தை விடாதீர்கள்.

"கொலைக்குப் பிறகுதானே சங்கங்களை ஒடுக்கினார்கள்? என் தாத்தா பால்மரம் சீவியவர், சங்கத்தில் இருந்தவர். அவர் சொன்னதுதான்."

பாதி சரி அண்ணே. வீடு வீடாகப் பிடித்துக்கொண்டு போனது கொலைக்குப் பிறகுதான், தாத்தா கண்ணால் பார்த்ததும் அதுவாக இருக்கும். ஆனால் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தி, பல தொழில்களை ஒன்றாக இணைத்த சம்மேளனத்தை முடக்கியது ஜூன் நடுவில், கொலைக்குச் சில நாள் முன். அந்தந்தத் தொழிலில் 3 ஆண்டு வேலை செய்தவர்தான் பொறுப்பில் இருக்கலாம் என்றும் திருத்தினார்கள்.

"அப்படியென்றால் சட்டத் திருத்தம்தான் கொலைக்குக் காரணம் என்று எழுதலாமா?" (டியூஷன் ஆசிரியை)

எழுதாதீர்கள் டீச்சர். முன்னால் நடந்தது என்பதால் மட்டும் காரணமாகிவிடாது. வெளிப்படையாகச் சங்கம் நடத்தும் பாதை அடைபட்டது, அது நெருக்கடிகளில் ஒன்று என்று எழுதலாம். அந்தக் கொலைகளுக்குக் கட்சித் தலைமை கட்டளையிட்டதா, உள்ளூர் ஆட்களே முடிவெடுத்தார்களா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

"இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்கத்தை நெரித்தார்கள், ஆட்கள் காட்டுக்குப் போனார்கள். வேறு என்ன காரணம் வேண்டும்?" (மேலே கேட்ட அதே அண்ணன்)

உங்கள் கோபம் புரிகிறது. 'ஆட்கள் காட்டுக்குப் போனார்கள்' என்பது வேறு, '16ஆம் தேதி காலையில் அந்த மூவரைச் சுட்டது' வேறு. முதலாவதற்கு உங்கள் காரணம் பொருந்தும். இரண்டாவதற்கு அது போதாது.

"எங்கள் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டது கர்னி செத்த பிறகு என்கிறார் பாட்டி. அப்போது அந்த மாணவி எழுதியது சரிதானே?"

பாட்டி சொல்வது சரியாக இருக்கலாம், மாணவி எழுதியது சரியாகாது. குடியேற்ற வேலை தெற்கே ஜொகூரில் தொடங்கி வடக்கே நகர்ந்தது. பேராக்கில் ஒரு தோட்டத்துக்கு வேலி 1951 கடைசியில் வந்திருந்தால் ஆச்சரியமில்லை. பாட்டி சொல்வது வேலி வந்த தேதி, திட்டம் தொடங்கிய தேதி அல்ல. கர்னி இறந்தது அந்த வருடத் தீபாவளிக்குச் சில வாரம் முன். வேலி வந்தது எந்தத் தீபாவளிக்கு முன், எதற்குப் பின் என்று அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.