எண்ணாமல் இருப்பைக் கணிப்பது: எந்த சதவீதம், எங்கே கழிப்பது?

கேள்வி: வாங்கிய விலைக்கு மேல் 25 சதவீதம் வைத்துத்தான் எல்லாவற்றையும் விற்கிறோம். இந்த அரையாண்டில் விற்பனை 10,00,000. தொடக்க இருப்பும் கொள்முதலும் சேர்த்து 9,50,000. விற்பனையில் 25 சதவீதம் லாபம் போக மீதி 7,50,000 அடக்கம். அப்படியானால் கையில் 2,00,000க்குச் சரக்கு இருக்க வேண்டும், சரிதானே சார்?

பதில்: இல்லை, 1,50,000தான் இருக்க வேண்டும். நீங்கள் வைப்பது வாங்கிய விலையின் மேல் 25. 100க்கு வாங்கியதை 125க்கு விற்கிறீர்கள், அந்த 125ல் லாபம் 25, அதாவது 20 சதவீதம். மொத்த லாப முறையில் விற்பனையிலிருந்து பின்னோக்கி வருவதால் லாபமும் விற்பனை மீதான சதவீதமாகவே இருக்க வேண்டும். 10,00,000ல் அடக்கம் 8,00,000, அதை 9,50,000லிருந்து கழியுங்கள். இந்தத் தவறு எப்போதும் இருப்பைக் கூட்டித்தான் காட்டும். எண்ணிப் பார்க்கும்போது 50,000 குறைகிறதே என்று கடைசியில் வேலையாட்கள் மேல் சந்தேகம் விழும்.

கேள்வி: எங்களிடம் ஆயிரக்கணக்கான சில்லறைப் பொருட்கள். ஒவ்வொன்றின் அடக்கவிலை தெரியாது, ஒட்டிய விலை தெரியும். சில்லறை விலை முறையை ஒரு கணக்கோடு காட்ட முடியுமா? இடையில் விலைக்குறைப்பும் செய்தோம்.

பதில்: தொடக்க இருப்பு அடக்கத்தில் 4,00,000, விற்பனை விலையில் 6,00,000 என்று வையுங்கள். நிகரக் கொள்முதல் அடக்கத்தில் 11,00,000, விற்பனை விலையில் 18,00,000. சரக்கு வந்து சேர்ந்த கூலியும் வாடகையும் அடக்கப் பக்கத்தில் மட்டும் ஏறும். திருப்பி அனுப்பிய சரக்கு இரண்டு பக்கமும் இறங்கும். நடுவில் சில பொருட்களின் விலையை ஏற்றியதில் 1,00,000 கூடியது, அது விற்பனை விலைப் பக்கத்துக்கு மட்டும். ஆக அடக்கம் 15,00,000, விற்பனை விலை 25,00,000, விகிதம் 60 சதவீதம்.

இனி விற்பனை விலையிலேயே இறங்கி வாருங்கள். 25,00,000ல் விற்பனை 17,00,000 போகட்டும், விலைக்குறைப்பு 2,50,000 போகட்டும், வழக்கமான சேதமும் காணாமல் போனதும் 50,000 போகட்டும். மீதி 5,00,000. அதில் 60 சதவீதம், 3,00,000. இதுதான் இறுதி இருப்பின் மதிப்பு.

கேள்வி: விலைக்குறைப்பை விகிதத்தில் சேர்க்கக் கூடாது என்றுதான் படித்திருக்கிறேன். நீங்கள் கழித்துவிட்டீர்களே?

பதில்: படித்தது சரி, ஆனால் அது பாதிதான். மேலே விகிதம் போடும்போது விலைக்குறைப்பைச் சேர்க்கவில்லை, பாருங்கள். 15ஐ 25ஆல்தான் வகுத்தேன். இருப்புக்கு இறங்கி வரும்போது கழித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த 2,50,000 மதிப்பு இப்போது எந்தப் பொருளிலும் ஒட்டப்பட்டில்லை. கழிக்காவிட்டால் மீதி 7,50,000, அடக்கம் 4,50,000 என்று வரும். இல்லாத 1,50,000 லாபமாக உட்கார்ந்துவிடும்.

விகிதத்திலும் கழித்தால் 15ஐ 22.5ஆல் வகுக்க வேண்டும், 66.67 சதவீதம். இருப்பு 3,33,333. அது சராசரி அடக்க முறை. விகிதத்தில் சேர்க்காதது பழைய வழக்கமான முறை. விலை குறைந்த சரக்கின் நஷ்டத்தை அப்போதே ஏற்றுக்கொள்வதால் அதில் இருப்பு குறைவாக வரும்.

கேள்வி: தரநிலைப்படி எது சரி என்று ஒரே வரியில் சொல்லுங்களேன்.

பதில்: ஒரே வரியில் முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரநிலை 2 சில்லறை விலை முறையை அனுமதிக்கிறது. முடிவு உண்மையான அடக்கத்துக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பயன்படுத்தும் சதவீதம், முதலில் வைத்த விற்பனை விலைக்குக் கீழே குறைக்கப்பட்ட சரக்கைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. இதைப் படித்துச் சராசரி முறைதான் பொருந்தும் என்பவர்களும் உண்டு, நிகர விற்பனை மதிப்பைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. உங்கள் தணிக்கையாளர் எந்தப் பக்கம் என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. அதைவிட முக்கியம், எதை எடுத்தாலும் வருடா வருடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: அதே கணக்கை மொத்த லாப முறையில் போட்டேன். முந்தைய ஆண்டின் லாபம் 40 சதவீதம். 17,00,000க்கு அடக்கம் 10,20,000, இருப்பு 4,80,000 வருகிறது. உங்களுக்கு 3,00,000. 1,80,000 எங்கே போனது?

பதில்: விலைக்குறைப்பு 2,50,000, சேதம் 50,000, இரண்டும் சேர்ந்து 3,00,000. அதன் 60 சதவீதம் சரியாக 1,80,000. மொத்த லாப முறைக்கு இந்த இரண்டும் கண்ணில் படாது. பழைய 40 சதவீதம் அப்படியே தொடர்கிறது என்று அது நம்புகிறது. என் கணக்குப்படி விற்ற சரக்கின் அடக்கம் 12,00,000, லாபம் 5,00,000, அதாவது 29.4 சதவீதம்தான்.

இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்து இப்படி வித்தியாசத்தைப் பிரித்துக் காட்டுவது நல்ல பழக்கம். பிரிக்க முடியாமல் ஒரு தொகை நின்றால் அங்கேதான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கிடங்கில் தீப்பிடித்தது, பில் புத்தகங்களும் போய்விட்டன. காப்பீட்டுக்குக் கணக்குக் கேட்கிறார்கள். கடந்த மூன்று ஆண்டு லாபத்தின் சராசரியை எடுத்தால் போதாதா?

பதில்: 34, 31, 28 என்று சரிந்துவந்திருந்தால் சராசரி 31 உங்கள் சரக்கை அதிகமாகக் காட்டும், சர்வேயர் ஒத்துக்கொள்ள மாட்டார். சரிவைத் தொடர்ந்து கணியுங்கள். பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பழைய சரக்கு இருந்தால் அதன் விற்பனையையும் அடக்கத்தையும் விகிதத்திலிருந்து நீக்கிவிட்டு, அந்தச் சரக்கில் மிச்சமிருந்ததைத் தனியாக மதிப்பிடுங்கள்.

கொள்முதலை மீட்க, சரக்கு கொடுத்தவர்களிடம் உங்கள் பேரேட்டு நகலைக் கேளுங்கள். விற்பனையை வங்கி வரவு, வரிக் கணக்கு, கடனாளிகள் பாக்கி இவற்றிலிருந்து கட்டலாம். கவனிக்க வேண்டியது தீ நடந்த நாளின் எல்லை. பில் வந்து சரக்கு வழியில் இருந்தால் அது எரியவில்லை, கொள்முதலிலிருந்து எடுங்கள். பில் போட்டு விற்றாகிவிட்டது, வாங்கியவர் எடுத்துப் போகவில்லை என்றால் எரிந்தது அவருடைய சரக்காக இருக்கலாம், அது உங்கள் இருப்பில் சேராது. சொந்தத்துக்கு எடுத்ததும் மாதிரிக்குக் கொடுத்ததும் அடக்கத்தில் கழிய வேண்டும். மீட்ட சரக்கின் மதிப்பைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பில்லிங் மென்பொருளே இருப்பைக் காட்டுகிறதே, இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

பதில்: அது எத்தனை இருக்க வேண்டும் என்று காட்டும், எத்தனை இருக்கிறது என்று அல்ல. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சில்லறை விலை முறையில் மாதா மாதம் கணக்கு, எண்ணியதைவிட ஏறக்குறைய ஒரே அளவு அதிகமாகவே வருகிறது. திருட்டுத்தானே?

பதில்: திருட்டு இப்படி ஒரே அளவில் நடப்பது அபூர்வம். பில்லில் கொடுக்கும் சலுகையை முதலில் பாருங்கள். 1,000 ஒட்டிய பொருளை 900க்கு விற்றால் விற்பனையில் 900தான் ஏறும். மீதி 100 விற்பனை விலைப் பக்கத்தில் ஆவி போல நின்றுவிடும், பொருளோ வெளியே போயாயிற்று. ஊழியர் சலுகையும் கூப்பனும் இதே கதை. அந்த 100ஐத் தனியாகப் பதிந்து கழியுங்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் நின்றால், பிரிவு வாரியாக விகிதம் போடுகிறீர்களா என்று பாருங்கள். லாபம் குறைந்த பிரிவு வேகமாக விற்று, லாபம் அதிகமான பிரிவு தேங்கினால், ஒரே விகிதம் இருப்பைக் கூட்டிக் காட்டும். இதுவும் இல்லையென்றால் அப்போது திருட்டைப் பற்றிப் பேசலாம்.