எக்செல் படத்தைப் பார்த்துப் பிழையின் காரணத்தைக் கண்டறிதல்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மளிகைக் கடை பில்லில், பக்கத்தில் உள்ள விலைப்பட்டியலிலிருந்து விலையை எடுக்க VLOOKUP போட்டிருக்கிறேன். மேலே சரியாக வருகிறது, கீழே போகப்போகப் பல பொருட்களுக்கு #N/A வருகிறது. மொத்தமும் #N/A தான். எழுத்துப்பிழை எதுவும் இல்லை. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்.

பதில்: உங்கள் படத்தில் D2 செல் தேர்வாகியிருப்பதால் அதன் ஃபார்முலா மட்டும் மேலே தெரிகிறது.

```
=VLOOKUP(A2,G2:H21,2,FALSE)
```

மற்ற செல்களின் ஃபார்முலாவைப் படம் காட்டவில்லை என்றாலும், பிழை விழுந்திருக்கும் விதமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. விலைப்பட்டியலின் முதல் வரியான G2-இல் இருக்கும் அரிசிக்கு 2-ஆம் வரிசையில் விலை வந்திருக்கிறது, 9-ஆம் வரிசையில் வரவில்லை. பட்டியலில் G12-இல் இருக்கும் சர்க்கரைக்கோ 10-ஆம் வரிசையில் விலை வந்து, 14-ஆம் வரிசையில் #N/A ஆகிவிட்டது. எழுத்துப்பிழையோ பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியோ காரணமாக இருந்தால், பிழை இப்படிப் பட்டியலின் மேலிருந்து ஒழுங்காகத் தொடங்காமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்திருக்கும்.

நடந்தது இதுதான்: D2-ஐக் கீழே இழுத்து நகலெடுத்தபோது, தேட வேண்டிய பகுதியும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறது. 9-ஆம் வரிசைக்கு வரும்போது அது G9:H28 ஆகிவிடுவதால், அதற்கு மேலே இருக்கும் அரிசி எக்செலின் பார்வைக்கே வராது. D2-இல் G2:H21 என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்து F4 விசையை அழுத்தினால் அது $G$2:$H$21 என்று மாறும். பிறகு மீண்டும் கீழே இழுத்து நிரப்புங்கள்.

மொத்தம் காட்டும் செல்லைத் தொட வேண்டாம். கூட்டும் பகுதியில் ஒரு செல் பிழையாக இருந்தாலும் SUM அந்தப் பிழையையே திருப்பித் தரும், விலைகள் சரியானதும் மொத்தமும் தானாகச் சரியாகும். #N/A-ஐ மறைக்க IFERROR போட்டு 0 வரவைக்கும்படி யாராவது சொன்னால், தயவுசெய்து இந்தத் தாளில் அதைச் செய்யாதீர்கள். விலை கிடைக்காத பொருள் இலவசமாகக் கணக்கில் ஏறிவிடும், பில் குறைந்திருப்பது யார் கண்ணிலும் படாது.

கேள்வி: வரவு செலவுத் தாளில் 18-ஆம் வரிசையிலிருந்து 60 வரை இருப்பு முழுவதும் #VALUE! என்று வருகிறது. 43 ஃபார்முலாக்களையும் திருத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். E18-இன் ஃபார்முலா =E17+C18-D18 என்று படத்தில் தெரிகிறது. ஒவ்வொரு இருப்பும் தனக்கு மேலே உள்ள இருப்பை எடுத்துக்கொள்வதால், மேலே ஒரு செல் கெட்டால் கீழே உள்ளவை எல்லாம் கெட்டவைபோல் தோன்றும். E17 சரியாக இருப்பதால், குறை 18-ஆம் வரிசையில்தான் இருக்க வேண்டும். அங்கே C18-இல் 1500 வலப்பக்கம் ஒட்டியிருக்கிறது, அது எண்தான். D18 காலியாகத் தெரிகிறது, என் சந்தேகம் அதன்மேல்தான்.

உண்மையிலேயே காலியான செல்லை எக்செல் 0 என்று எடுத்துக்கொள்ளும், பிழை வராது. ஆனால் பழைய தொகையை அழிப்பதற்காக ஸ்பேஸ் பாரைத் தட்டியிருந்தால், அந்த இடைவெளி ஓர் எழுத்தாக உள்ளே தங்கிவிடும், எழுத்தைக் கழிக்க முடியாததால் #VALUE! வரும். படத்தில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. வேறொரு காலி செல்லில் =LEN(D18) என்று தட்டிப் பாருங்கள், 1 வந்தால் சந்தேகம் உறுதி. D18-ஐத் தேர்ந்து Delete விசையை அழுத்தினால் 43 வரிசைகளும் ஒருசேரச் சரியாகும்.

கேள்வி: பிழை எதுவும் காட்டவில்லை, ஆனால் 12 தொகைகளின் SUM 0 என்று வருகிறது.

பதில்: படத்தில் 12 தொகைகளும் இடப்பக்கம் ஒட்டியிருக்கின்றன, இடது மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணமும் இருக்கிறது. நாமாக மாற்றாதவரை எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைக்கும் என்பதால், இவை எண்போல் தோன்றும் எழுத்துகள். SUM எழுத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நெடுவரிசையைத் தேர்ந்து Data > Text to Columns > Finish கொடுத்தால் அவை எண்களாகிவிடும்.

கேள்வி: ஒரு நெடுவரிசை முழுவதும் #REF! வருகிறது. வரி விகிதத்தை எந்தச் செல்லிலிருந்து எடுத்தேன் என்பதைப் படத்திலிருந்து சொல்ல முடியுமா?

பதில்: முடியாது. ஃபார்முலா =B2*#REF! என்று இருக்கிறது. அது சுட்டிய செல் நீக்கப்பட்டதும் முகவரியே அழிந்து, அந்த இடத்தில் #REF! உட்கார்ந்துவிட்டது. நெடுவரிசை மறைக்கப்பட்டிருந்தால் மேலே உள்ள எழுத்துகள் C-க்குப் பிறகு E என்று தாவியிருக்கும், உங்கள் படத்தில் அவை தொடர்ச்சியாக இருக்கின்றன. மறைத்தால் #REF! வராது. கோப்பு இன்னும் மூடப்படாமல் இருந்தால் Ctrl+Z அழுத்தி, நீக்கியது திரும்பும்வரை பின்னால் செல்லுங்கள். மூடிவிட்டிருந்தால் பழைய பிரதியைத் திறந்து, அதில் Ctrl+` அழுத்தினால் எல்லா ஃபார்முலாக்களும் ஒரே திரையில் தெரியும். அந்தத் திரையை அனுப்பினால், எந்தச் செல் போனது என்பதைச் சரியாகச் சொல்கிறேன்.