பார்சலில் ஆறு குறைந்தால் யாரைப் பிடிப்பது?

கேள்வி: கச்சான் தோட்டத்துக்குக் கொழும்புக் கடையொன்றில் 24 ஸ்பிரிங்ளர் தலை ஓடர் பண்ணினேன். காசு கட்டிப் பார்சலை எடுத்து உடைத்தால் 18 தான் இருக்கிறது. கடைக்காரர் கூரியரைக் கேள் என்கிறார், கூரியர்காரர் கடையைக் கேள் என்கிறார். என்ன செய்யலாம்? — ஒட்டுசுட்டான் வாசகர்

பதில்: முதலில் பெட்டியை எறியாதீர்கள். 18 தலையையும் திரும்ப அதற்குள் வைத்து, பக்கத்துக் கடைத் தராசில் நிறுங்கள். பெட்டியில் ஒட்டிய கூரியர் சிட்டையில், அனுப்பும்போது பதிந்த நிறை இருக்கும். குறைந்தது எங்கே என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

ஒரு தலை 150 கிராம், வெறும் பெட்டி 250 கிராம் என்று வைப்போம். 24 இருந்தால் 3.85 கிலோ, 18 என்றால் 2.95 கிலோ. கூரியர்கள் பொதுவாக அடுத்த முழுக் கிலோவுக்கு ஏற்றிப் பதிவார்கள். சிட்டையில் 4 என்றிருந்தால் பொருள் வழியில் போயிருக்கிறது. 3 என்றிருந்தால் கடையிலேயே குறைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரேயொரு தலை குறைந்திருந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது டேப்பைப் பாருங்கள்: வேறு நிற டேப், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஒட்டு, அடிப்பக்க வெட்டு.

சிட்டை, டேப், தராசின் எண், பரப்பி வைத்த 18 தலை எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றைக்கே கடைக்கு எழுதுங்கள். தொலைபேசியில் கதைத்தது சாட்சியாக நிற்காது.

"வணக்கம். ஓடர் இலக்கம் …, கூரியர் இலக்கம் …. 24 தலைக்குக் காசு கட்டினேன். 18 தான் இருந்தது. சிட்டையில் 4 கிலோ, இப்போது பெட்டியோடு 2.95 கிலோ. படங்கள் இணைத்துள்ளேன். கூரியரில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை அனுப்புங்கள். மிச்சம் 6 தலையை அனுப்புங்கள், அல்லது அவற்றின் காசைத் திருப்பித் தாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்."

திட்டி எழுத வேண்டாம். இதே செய்தியைத்தான் கடைக்காரர் கூரியருக்கும் காட்டப்போகிறார். கூரியரோடு ஒப்பந்தம் செய்தது அனுப்பியவர் என்பதால், நட்டஈடு கேட்க வேண்டியவரும் அவரே. ஆனாலும் பார்சல் தந்த கிளையில் நீங்களும் குறைவைச் சொல்லிப் பதிவு இலக்கம் வாங்குங்கள். முறைப்பாட்டுக்கான காலக்கெடுவும் நட்டஈட்டின் உச்ச எல்லையும் கூரியரின் நிபந்தனைகளில் இருக்கும். கெடு பெரும்பாலும் சில நாட்கள்தான், அதனால் கடைக்காரரை உடனே நெருக்குங்கள். பொருளின் பெறுமதியை அவர் பதியாமல் அனுப்பியிருந்தால் முழுத்தொகை கிடைப்பது கடினம். அது அவருக்கும் கூரியருக்கும் உள்ள கணக்கு. உங்கள் 6 தலையை அதற்காகக் காக்க வைக்க விடாதீர்கள்.

குறையாமல் வேறு அளவுத் தலை வந்திருந்தால் நிறை பார்த்துப் பயனில்லை. குழாயில் பூட்டிப் பார்க்காமல் வைத்து, திருப்பி எடுக்கும் கூரியர் செலவைக் கடையே ஏற்க வேண்டுமென்று அதே செய்தியில் எழுதுங்கள்.

வெள்ளி தாண்டியும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழையுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும். பில், சிட்டை, படங்கள், அனுப்பிய செய்தி ஆகியவற்றின் பிரதிகளைச் சேர்த்துக் கொடுங்கள்.