ஃபேன் கண்டன்சரும் நான்காவது படியும்: செய்முறைக் கட்டுரை எழுதுவோர் கேள்விகள்

சீலிங் ஃபேன் கண்டன்சர் மாற்றுவது பற்றி எழுதிய வரைவு இது: “பழைய கண்டன்சரின் ஒயர்களைக் கழற்றிப் புதியதை இணைக்கவும், மைக்ரோஃபாரட் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், கடைக்குப் போகும்போதே பார்த்துக்கொள்ளவும், மூடியை இறக்கினால் கண்டன்சர் தெரியும், மெயினை அணைத்துவிட்டுச் செய்வது நல்லது, ஒயர் இருந்த இடத்தைப் போட்டோ எடுத்தால் குழப்பம் வராது.” இதை எப்படிப் படிகளாக்குவது?

வினைச்சொற்களை மட்டும் பிரித்துத் துண்டுச்சீட்டுகளில் எழுதுங்கள்: கழற்று, இணை, அளவு பார், கடைக்குப் போ, மூடியை இறக்கு, அணை, போட்டோ எடு. பிறகு ஏணியில் நிற்பவரின் கை எந்த வரிசையில் போகுமோ, அந்த வரிசையில் அடுக்குங்கள். அணை, மூடியை இறக்கு, போட்டோ எடு, கழற்று, அளவு பார்.

இங்கே ஒரு சிக்கல் தெரியும். அளவு கண்டன்சரின் மேல்தான் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 2.5, சில ஃபேன்களில் 3.15. மூடியை இறக்காமல் அதைப் படிக்க முடியாது. அப்படியென்றால் கடைக்குப் போவது வேலையின் நடுவில் வருகிறது, உங்கள் வரைவில் அது ஒளிந்திருந்தது. அந்த அரை மணி நேரம் ஒயர் முனைகள் மேலே திறந்து கிடக்கும், வீட்டில் யாராவது மெயினைப் போட்டுவிடலாம். அதனால் கட்டுரையை இரண்டு பகுதியாகப் பிரிக்கலாம். முதல் பகுதி “ஒயர் முனைகளில் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றவும்” என்ற படியோடு முடியட்டும். இரண்டாம் பகுதி “மெயின் அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்க்கவும்” என்று தொடங்கட்டும். படிகளாக அடுக்கும்போதுதான் இந்த மாதிரி ஓட்டைகள் கண்ணில் படும்.

எது எச்சரிக்கை, எது குறிப்பு என்று எப்படிப் பிரிப்பது? எல்லாவற்றையும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

அதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உடம்புக்கோ பொருளுக்கோ கேடு என்றால் எச்சரிக்கை. கொஞ்சம் நேரம் வீணாகும், அவ்வளவுதான் என்றால் குறிப்பு. ஒயரைப் போட்டோ எடுப்பது குறிப்பு. மெயினை அணைப்பது இரண்டுமே இல்லை, அது முதல் படி. “அணைப்பது நல்லது” என்று எழுதினால் பாதிப் பேர் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் ஒயரில் போட்டிருப்பார்கள். சுவிட்ச் அணைந்தாலும் ஃபேனில் மின்சாரம் இருக்கும். எச்சரிக்கைப் பெட்டியில் போக வேண்டியது இந்தக் காரணம்தான்.

பெட்டியின் இடமும் முக்கியம். கண்டன்சரில் மின்சாரம் தேங்கியிருக்கலாம். காப்பிட்ட கைப்பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரால் அதன் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டு அதை வெளியேற்ற வேண்டும். இதைக் “கழற்றவும்” என்ற படிக்குக் கீழே எழுதினால், வாசகர் படிப்பதற்குள் கை வைத்திருப்பார். எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால். குறிப்பு பின்னால் வந்தாலும் மோசமில்லை.

மார்க்டவுனில் எழுதுகிறேன். நடுவில் படமோ பெட்டியோ போட்டால் அடுத்த படி மறுபடி 1 ஆகிவிடுகிறது.

எல்லாப் படிக்கும் `1.` என்று எழுதுகிறீர்களா? அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத்தான் இது வரும். இடையில் வரும் வரி ஓரத்தில் ஒட்டி நின்றால் பட்டியல் அங்கேயே முடிந்து, அடுத்தது புதுப் பட்டியலாகிவிடும். அந்த வரிகளை மூன்று இடைவெளி உள்ளே தள்ளுங்கள்.

```
3. மூடியின் திருகைத் தளர்த்தி, மூடியை இறக்கவும்.

   ![மூடி இறங்கியதும் கண்டன்சர் தெரிகிறது](fan-cover-down.jpg)

   > **எச்சரிக்கை:** அடுத்த படிக்கு முன் கண்டன்சரில் தேங்கிய
   > மின்சாரத்தை வெளியேற்றவும்.

4. இரண்டு ஒயர்களையும் கழற்றவும்.
```

10-ஆம் படியிலிருந்து எண் இரண்டு இலக்கமாகிவிடும், அப்போது நான்கு இடைவெளி தேவை.

போட்டோ இன்னும் எடுக்கவில்லை. படம் வரும் இடத்தில் “படம்” என்று மட்டும் எழுதி வைத்தால் போதாதா?

போதாது, ஒரு வாரம் கழித்து என்ன படம் என்று உங்களுக்கே தெரியாது. எங்கிருந்து பார்ப்பது, எது தெரிய வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள்: “படம்: கீழிருந்து, கண்டன்சரின் இரண்டு ஒயர்களும் அவை சேரும் இடமும் தெரிய வேண்டும், கை மறைக்கக் கூடாது.” எடுப்பவர் வேறொருவராக இருந்தால் இந்த வரிதான் அவருக்கு உத்தரவு. கோப்பின் பெயரில் படி எண் வேண்டாம். நடுவில் ஒரு படி சேர்ந்தால் `step4.jpg` ஐந்தாம் படியில் போய் நிற்கும். எல்லாப் படிக்கும் படம் தேவையில்லை. மெயின் சுவிட்ச் எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒயர் எங்கே சேர்கிறது என்பதை எத்தனை வரி எழுதினாலும் புரிய வைக்க முடியாது, அங்கே போடுங்கள்.

கடைசிப் படி “மெயினைப் போடவும்” தானே?

அதற்குப் பிறகு ஒன்று உண்டு: என்ன நடந்தால் வேலை முடிந்தது என்று சொல்வது. “ஃபேன் கையால் தள்ளாமலே தானாகச் சுற்றத் தொடங்க வேண்டும். வெறுமனே உறுமினால் மெயினை அணைத்துவிட்டு, ஒயர் இணைப்பைப் போட்டோவுடன் ஒப்பிடவும்.”