ஏர்கோன் போட்டதும் வகுப்பறை ஏன் முழங்குகிறது?

எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு ஏர்கோன் பொருத்தினார்கள். அன்றிலிருந்து பின்வரிசைப் பிள்ளைகள் சொல்வதெழுதலில் ‘பட்டு’ என்றால் ‘பத்து’ என்று எழுதுகிறார்கள். மெஷின் சத்தம்தான் காரணமா?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

மெஷின் இரைச்சலுக்கும் பங்கு உண்டு, டீச்சர். ஆனால் பெரிய காரணம் ஜன்னலைச் சாத்தியதுதான். திறந்த ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது. சாத்திய அறையில் அது சிமெண்டுச் சுவர், தரை, சிலிங் என்று மோதி மோதி நிற்கிறது. ‘ப’வில் உள்ள அகரம் அடங்கும் முன்பே ‘ட்டு’ வந்துவிடுவதால், மெல்லிய மெய்யொலி அந்த முழக்கத்தில் மூழ்கிப்போகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் கன அளவு 189. அதை 0.161-ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் ஒலியின் அளவால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் கிடைக்கும். ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் விழுங்கும் ஒலியை ஓர் அலகு என்று வைத்துக்கொள்வோம். வெறும் சுவர், தரை, சிலிங் மூன்றும் சேர்ந்து 6 அலகுதான் உறிஞ்சும். பிள்ளைகளும் மேசை நாற்காலியும் 8 என்று வைத்தால் மொத்தம் 14. நேரம் 2.2 விநாடி. 12 சதுர மீட்டர் ஜன்னலைத் திறந்தாலே 1.2 விநாடிக்கு இறங்கிவிடும். வகுப்புக்கு நல்ல இலக்கு 0.6 விநாடி. அதற்கு 50 அலகு வேண்டும். அதாவது இன்னும் 36.

நான் சொல்லும் வழி இது: சிலிங்கின் ஓரங்களிலும் பின்பாதியிலும் சேர்த்து 40 சதுர மீட்டருக்கு, தன்மேல் படும் ஒலியில் 60 சதவீதம் உறிஞ்சும் மினரல் ஃபைபர் பலகை போடுங்கள். 24 அலகு கிடைக்கும். மீதி 12-க்குப் பின்சுவரில் 15 சதுர மீட்டர், 5 செ.மீ. தடிமனுள்ள கண்ணாடி இழைப் பலகையைத் துணி போர்த்தி மாட்டலாம். அதுவே அறிவிப்புப் பலகையாகவும் உதவும். உங்கள் தலைக்கு மேலும் நடுவிலும் உள்ள சிலிங்கை மட்டும் கெட்டியாகவே விடுங்கள். அங்கே பட்டுத் தெறிக்கும் ஒலி உடனே பின்வரிசையை எட்டி, உங்கள் குரலுக்கு வலு சேர்க்கும். முழுவதையும் மூடினால் தொண்டைதான் வற்றும்.

முட்டை அட்டை ஒட்டினால் போதுமா?
– பெற்றோர், பாகான் செராய்

போதாது. அது மெல்லிய அட்டை. பேச்சொலியை உருப்படியாக உறிஞ்சாது. தீயும் சுலபமாகப் பற்றும். பள்ளியில் வேண்டவே வேண்டாம்.

கோயில் மண்டபத்தில் மைக்கில் பேசினால் சொல் இரண்டு முறை கேட்கிறது. கூரை வளைவானது.
– ஆலயச் செயலவை உறுப்பினர், கூலிம்

இது எதிரொலி. நேராக வரும் ஒலிக்கும் மோதி வருவதற்கும் 17 மீட்டர் வழி வித்தியாசம் இருந்தால், சுமார் 50 மில்லி விநாடி தாமதமாகும். காது இரண்டையும் பிரித்துக் கேட்கத் தொடங்கும். முன்வரிசைக்கு 9 மீட்டர் பின்னால் சுவர் இருந்தாலே போதும். மேடையில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். பின்னாலிருந்து ‘டப்’ என்று தனியாக வந்தால் பின்சுவர்தான் காரணம். அதில் உறிஞ்சும் பலகை மாட்டுங்கள். நடுவில் ஒரே ஒரு வரிசையில் மட்டும் சத்தம் குவிந்தால் வளைவுதான் காரணம். வளைவுக்குக் கீழே தட்டையான பலகைகளைச் சற்றுச் சாய்த்துத் தொங்கவிட்டு ஒலியைப் பரப்புங்கள். ஸ்பீக்கரின் வால்யூமைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும்.