முழங்கை ஏன் வெளியே போகிறது? ஜம்ப் ஷொட் கேள்வி பதில்

இன்று பின்னேரம் முழுக்க இருக்கிறேன், கேளுங்கள். கூடைப்பந்து ஜம்ப் ஷொட் பற்றி மட்டும். இடது, வலது எல்லாம் வலக்கைக்காரரை வைத்துத்தான் எழுதுகிறேன், இடக்கைக்காரர் மாற்றி வாசியுங்கள். வீடியோ அனுப்புகிறவர்கள் முதுகுப் பக்கமிருந்து எடுத்து அனுப்புங்கள், பக்கவாட்டில் எடுத்தால் முழங்கை எங்கே நிற்கிறது என்று தெரியாது.

கல்லடி, 15 வயது: அக்கா, என்ட பிரீ த்ரோ சில நேரம் இடது பக்கம் போகுது, சில நேரம் வலது பக்கம். கோச் முழங்கையை உள்ளே வை என்றுதான் சொல்றார். வைக்கப் பார்த்தா தோள் நோகுது.

தம்பி, வியாழக்கிழமை நீ கோர்ட்டுக்கு வந்தபோது நாம் செய்ததை மற்றவர்களுக்காகவும் விபரமாக எழுதுகிறேன். முதல் 20 ஷொட்டில் 7 உள்ளே போனது. இடது பக்கம் தவறியது 6, வலது பக்கம் 5, ரிங்கை எட்டாமல் விழுந்தது 2. பிழை ஒன்றுதான் என்றால் பந்து பெரும்பாலும் ஒரே பக்கம்தான் போகும். இப்படி இரண்டு பக்கமும் பிரிந்து போனால் உள்ளே இரண்டு பிழை இருக்கிறதா என்று தேட வேண்டும்.

முதலில் இடது. பந்தை உயர்த்தும்போது உன் வலது முழங்கை பந்துக்குக் கீழே இல்லை, ஒரு கையகலம் வெளியே நின்றது. பந்து முகத்துக்கு முன்னால், முழங்கை வெளியே என்றால் முன்கை சாய்ந்து நிற்கிறது. அந்தக் கை நீளும்போது பந்தை இடப்பக்கமாகத்தான் தள்ளும். ஆகவே உன் கோச் கண்டது சரி. ஆனால் முழங்கையை மட்டும் பிடித்து உள்ளே இழுத்தால் தோள் முறுகும், நீ நோகுது என்று சொன்னது அதைத்தான். நான் படிக்கிற காலத்தில் எனக்கும் ஒரு பயிற்றுநர் ஒரு தவணை முழுக்க முழங்கை, முழங்கை என்று கத்தினார். காலை ஒருவரும் பார்க்கவில்லை.

உன் இரண்டு பாதமும் ரிங்கை நேராகப் பார்த்து, ஒரே கோட்டில் இருந்தன. அப்படி நின்றால் வலது தோள் ரிங்குக்கான கோட்டிலிருந்து ஒதுங்கித்தான் நிற்கும். முழங்கையைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை, ரிங் 12 மணி என்றால் இரண்டு பாதமும் 11 மணியைப் பார்க்கட்டும், வலது கால் அரைப் பாதம் முன்னுக்கு வரட்டும் என்றேன். கால் திரும்ப இடுப்பு திரும்பியது, தோள் கோட்டுக்கு வந்தது, முழங்கை தானாகப் பந்துக்குக் கீழே போய் நின்றது. அடுத்த 20இல் உள்ளே 12. இடது பக்கம் தவறியது ஒன்றுதான். ஆனால் வலது பக்கம் அதே 5!

அந்த ஐந்தும் உன் இடது பெருவிரல். பந்து விடுபடும் கணத்தில் அந்த விரல் பந்தை ஒரு சின்னத் தள்ளு தள்ளுகிறது. கண்ணுக்குப் பிடிபடாது, பந்தைக் கேட்டால் தெரியும். பந்தின் தையல் கோடு உன் விரல்களுக்குக் குறுக்கே கிடக்கும்படி பிடித்து எறி. பின்சுழற்சி சுத்தமாக இருந்தால் கோடுகள் ஆடாமல் உருளும், பெருவிரல் தட்டியிருந்தால் பந்து பம்பரம் சாய்கிற மாதிரி அசைந்து போகும். மருந்துக்கடையில் பிளாஸ்டர் வாங்கி இடது பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டு இரண்டு கிழமை எறி. ரிங்கிலிருந்து இரண்டு மீற்றரில் தொடங்கு. த்ரீ பொயிண்ட் கோட்டுக்கு இந்த இரண்டு கிழமையும் போகவே கூடாது.

கல்முனை: என்ட ஷொட் நேராப் போகுது, ஆனா ரிங்கின் முன் இரும்பில் பட்டுத் திரும்பி வருது. பலம் போதாதா?

வீடியோவைப் பார்த்தால் பலம் இருக்கிறது, உயரம்தான் இல்லை. ரிங்கின் உள் அகலம் 45 சென்ரிமீற்றர், ஆண்களின் பந்து ஏறக்குறைய 24. பந்து 45 பாகையில் இறங்கினால் அதற்குத் தெரிகிற வாசல் 32 சென்ரிமீற்றர், தாராளம். 30 பாகையில் தட்டையாக வந்தால் வாசல் 22தான், பந்தை விடச் சின்னது. பிறகு எங்கேயாவது பட்டு உருண்டு விழுந்தால்தான் உண்டு. கை நீளும்போது உங்கள் முழங்கை தோள் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. கை முடியும்போது முழங்கை கண்ணுக்கு மேலே போக வேண்டும், பந்து ரிங்கில் படும் வரை கையை அங்கேயே வைத்திருங்கள். இதையும் கிட்டத்திலிருந்து பழகுங்கள், தூரம் போனால் உடம்பு மறுபடி தட்டையாகத்தான் எறியும்.

ஏறாவூர்: முழங்கை வெளியே போகுது, என்ன செய்யலாம்?

கல்லடித் தம்பிக்கு எழுதியதை வாசியுங்கள்.

வாழைச்சேனை, மாணவி: மிஸ், நான் நெட்போல் ஷூட்டர். பாடசாலையில் இப்ப கூடைப்பந்துக்கும் சேர்த்திட்டாங்க. ரிங் உயரம் ஒன்றுதானே, அதே ஷொட்டை எறியலாமா?

உயரம் ஒன்றுதான் மகள், இரண்டும் 3.05 மீற்றர். நெட்போல் ரிங் 38 சென்ரிமீற்றர்தான், போர்டும் இல்லை, அதனால் உன் குறி ஏற்கெனவே நல்லாக இருக்கும். பந்தைத் தலைக்கு மேலே பின்னுக்குச் சாய்த்து வைத்து எறிவதுதான் இங்கே சரிவராது. நெட்போலில் தடுக்கிறவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும், நீயும் ரிங்குக்குக் கிட்ட நிற்கிறாய், நிதானமாக மேலேயிருந்து எறியலாம். கூடைப்பந்தில் பிரீ த்ரோ கோடே போர்டிலிருந்து 4.6 மீற்றர். தலைக்குப் பின்னாலிருந்து எறிந்தால் காலின் பலம் பந்துக்கு வந்து சேராது, மணிக்கட்டும் கையும் மட்டும் வேலை செய்யும்.

நானும் 16 வயது வரை நெட்போல்தான். முதல் மாதம் என் பிரீ த்ரோ எல்லாம் ரிங்குக்கு முன்னால் விழுந்தது. பந்தை வயிற்று மட்டத்தில் வாங்கி, முழங்கால் மடிந்து நிமிரும் அதே நேரத்தில் வலது கண்ணுக்கு நேரே நெற்றிக்கு முன்னால் ஏற்றிப் பார். கால் நிமிர்வதும் பந்து ஏறுவதும் ஒரே அசைவாக வர வேண்டும், நடுவில் நிற்கக் கூடாது. நெட்போல் மட்ச் இருக்கிற கிழமையில் இதைத் தொடாதே, இரண்டும் கெடும்.

ஓய்வுபெற்ற மாஸ்டர், மட்டக்களப்பு: தங்கச்சி, நீர் பிள்ளைகளுக்குக் காலைத் திருப்பச் சொல்வது பிழை. அமெரிக்க இயேசு சபைக் குருமார் இந்த ஊரில் எங்களுக்குப் பழக்கியது இரண்டு பாதமும் ரிங்கைப் பார்த்து நிற்க. கால் திரும்பினால் தோள் திரும்பும், ஷொட் வளையும்.

மாஸ்டர், நீங்கள் கோர்ட்டில் நின்ற காலத்தில் நான் பிறக்கவேயில்லை, உங்கள் சொல்லை லேசாகத் தள்ள மாட்டேன். தோள் திரும்பும் என்கிறீர்கள், உண்மைதான். அது திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் காலைத் திருப்பச் சொல்கிறேன். வலது தோள் ரிங்குக்குக் கிட்ட வந்தால் பந்து, முழங்கை, தோள், இடுப்பு நாலும் ஒரே கோட்டில் வருகிறது. ஸ்டீபன் கறி எறிவதைக் காலை மட்டும் பார்த்துப் பாருங்கள், பெருவிரல்கள் ரிங்குக்கு இடப்பக்கமாகத்தான் நிற்கும்.

அதே மாஸ்டர்: கறி ஒருவர்தான். 11 வயதுப் பிள்ளைக்கு 11 மணி என்றால் அது 9 மணிக்குத் திரும்பி நிற்கும். சதுரமாக நிற்கிறது பிள்ளைக்கு நினைவில் நிற்கும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும்.

இது நியாயமான கவலை. அளவு மீறித் திரும்பும் பிள்ளைகளை நானும் கண்டிருக்கிறேன், இடது தோள் பின்னுக்குப் போய், இறங்கும்போது உடம்பு பக்கவாட்டில் விழும். அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எறிவதற்கு முன் பாதம் இருந்த இடத்தைச் சோக்கால் கீறுங்கள். இறங்கும்போது கால் அதே தோளகலத்தில், கீறலிலிருந்து கொஞ்சம் முன்னுக்கு விழுந்தால் சமநிலை சரி. பக்கத்துக்கு விழுந்தால் திருப்பம் கூடிவிட்டது, அல்லது பந்தை வாங்கும்போதே சரிந்திருக்கிறார். 10, 11 வயதுக்கு அளவு 5 பந்தும் 2.60 மீற்றர் ரிங்கும் கொடுத்தால் பாதிப் பிரச்சினை வராது. பெரிய பந்தை உயர்த்தப் பலமில்லாமல்தான் பிள்ளை முழங்கையை வெளியே விரித்துத் தள்ளுகிறது. அதற்குக் கால் எப்படி நின்றாலும் ஒன்றுதான்.

அக்கரைப்பற்று: நான் சதுரமா நின்றுதான் எறியிறன், நல்லாத்தான் போகுது. மாத்தணுமா?

முழங்கை நேராக இருந்து, தோளில் இழுப்பும் இல்லையென்றால் மாற்றாதீர்கள். சிலருக்குத் தோள் அவ்வளவு நெகிழ்வாக இருக்கும்.

அதே மாஸ்டர்: பார்த்தீரா!

பார்த்தேன் மாஸ்டர். அவருக்கு நோவு இல்லை, கல்லடித் தம்பிக்கு இருந்தது.

திருக்கோவில்: உயரமாப் பாய என்ன பயிற்சி?

இன்றைய விஷயம் அது இல்லை. ஜம்ப் ஷொட்டுக்கு முழு உயரம் பாயத் தேவையுமில்லை.

களுவாஞ்சிக்குடி: முழங்கையை நேரா வைக்க ஏதாவது கருவி விக்கிறாங்களா?

முழங்கை பற்றி இது மூன்றாவது கேள்வி. மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள். கருவி வேண்டாம், காலைத் திருப்பினால் போதும்.

செங்கலடி: பயிற்சியில் போகுது, மட்சில் எல்லாம் குறைஞ்சு விழுது. த்ரீ பொயிண்டில் இன்னும் மோசம்.

பக்கவாட்டிலிருந்து போனில் வீடியோ எடுத்து, பந்து விரல் நுனியை விட்டுப் போகும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். இது ஒன்றுக்கு மட்டும் பக்கவாட்டு வீடியோ சரி. பயிற்சியில் நீங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பந்து போயிருக்கும். மட்சில் தடுப்பவனைப் பார்த்து உச்சியில் ஒரு கணம் தாமதித்து, இறங்கத் தொடங்கும்போது விடுவீர்கள். அப்போது கால் கொடுத்த பலம் தீர்ந்துபோயிருக்கும், மிச்சத்தைக் கைதான் தள்ள வேண்டும். உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே பந்தை விடப் பழகுங்கள். மூன்றாம், நாலாம் குவாட்டரில்தான் குறைகிறது என்றால் கால் களைத்து, முழங்கால் மடிவது குறைந்திருக்கும்.

த்ரீ பொயிண்ட் கோடு 6.75 மீற்றர். திரும்பவும் சொல்கிறேன், விடும் கணம் பழகும் வரை அங்கே நிற்காதீர்கள். பிரீ த்ரோ தூரத்தில் 10க்கு 7 போகாதவர் அங்கே நின்று 100 எறிந்தால் அந்தத் தவறான அசைவைத்தான் 100 முறை பழகுகிறார்.

ஏறாவூர், மறுபடி: வாசிச்சிட்டன். ஆனா நான் இடக்கை.

அப்போ 1 மணி. இடது கால் முன்னுக்கு, பிளாஸ்டர் வலது பெருவிரலுக்கு.

அதே மாஸ்டர்: தங்கச்சி, எழுத்தில் தீராது. ஒரு பிள்ளையைக் கொண்டு வாரும், 50 சதுரமாக, 50 உம்முடைய மாதிரி.

சம்மதம் மாஸ்டர். இரண்டு முறையிலும் பழகாத பிள்ளையாக நீங்களே தெரிவுசெய்யுங்கள். பத்துப் பத்தாக மாற்றி மாற்றி எறியட்டும், இல்லையென்றால் கடைசி 50க்குக் கால் களைத்துவிடும். உள்ளே போனதை மட்டும் எண்ண வேண்டாம், தவறியது எந்தப் பக்கம் என்றும் எழுதுவோம். இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, வாவிப் பக்கத்து ரிங்கில் பந்து தள்ளுப்படும். நாளை காற்று விழுந்த பிறகு மற்ற ரிங்கில் வைத்துக்கொள்வோம், சோக் நான் கொண்டு வருகிறேன்.