அரபியும் தமிழும் ஒரே புக்ல வந்தா: கோட்டாறு டிடிபிக்காரர்ட்ட கேட்டது

நாகர்கோவில் கோட்டாறுல இருபது வருசமா டிடிபி வேலை பாக்கேன். ஓதுற புக்கு, கல்யாண பத்திரிகைன்னு அரபி கலந்த வேலை நிறைய வரும். கேளுங்க.

தக்கலைலேர்ந்து ஒருத்தர்: 8 பக்கத்துல துஆ புக். அரபி, கீழ தமிழ் அர்த்தம். பைண்டிங் எந்த பக்கம்?

ஓதத்தான் புக்குன்னா அரபி முறைதான், அட்டைய நேரா புடிச்சா பின் அடிச்ச முதுகு வலது கைப்பக்கம் இருக்கணும். எட்டு பக்கம்னா ரெண்டு தாள மடிச்சு நடுவுல பின் அடிக்கிறது. தமிழ் புக்குக்கு வெளித்தாள்ல இடது பாதி 8, வலது பாதி 1 வரும், இங்க அப்படியே திரும்பி இடது 1, வலது 8. அதே தாளோட உள்பக்கம் 7, 2. உள்தாள்ல வெளிப்பக்கம் 3, 6, நடுப்பக்கம் 5, 4.

இன்டிசைன்ல Binding-ன்னு இருக்கும், அத ஆரம்பத்துலயே Right to Left ஆக்கிருங்க. நான் ஒருக்கா ஸ்கிரீன்ல பக்கமெல்லாம் சரியா வெச்சுட்டு பிரிண்டுக்கு அனுப்பும்போது பழைய செட்டிங்லயே விட்டுட்டேன், 300 காப்பி மடிச்சு பின் அடிச்சப்புறம் பாத்தா பிஸ்மில்லா கடைசி பக்கத்துல கிடக்கு. கைக்காசு போட்டு திரும்ப அடிச்சு குடுத்தேன். அதுலேர்ந்து ரெண்டு வெள்ளத்தாள மடிச்சு பேனால நம்பர் எழுதி பக்கத்துல வெச்சுக்காம மெஷின ஓட்டுறதே இல்ல.

குளச்சல்: இவ்வளவு எதுக்குண்ணே, வேர்டுல ரைட் அலைன் போட்டா அரபி சரியாயிரும்லா?

பாதி சரி தம்பி. வரி வலது ஓரத்துக்குப் போகும், ஆனா பாராவோட திசை மாறாது. அரபி எழுத்துக்கு தான் எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியும், நம்ம எழுத்துக்கும் தெரியும். புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி இதுக்குத்தான் தெரியாது, பக்கத்துல இருக்கிறதயும் பாராவயும் பாத்துதான் போகும். அதனாலதான் வாக்கியம் முடிஞ்சு வைக்கிற புள்ளி வாக்கியம் ஆரம்பிக்கிற வலது ஓரத்துல போய் உக்காரும். அலைன் பட்டன் பக்கத்துலயே பாராவோட திசைய மாத்துற பட்டன் தனியா உண்டு, அது தெரியலன்னா அரபி கீபோர்ட முதல்ல சேத்துட்டு பாருங்க.

திசைய சரியா மாத்தினப்புறம் போன் நம்பர் வம்பு பண்ணும். அரபிலயும் நம்பர் இடமிருந்து வலம்தான், ஆனா 04652 போட்டு ஒரு இடம் விட்டு மீதி நம்பர அடிச்சா ரெண்டு துண்டும் இடம் மாறி 04652 பின்னால போயிரும். கோடு போட்டு சேத்தாலும் அரபி எழுத்துக்கு அடுத்து வந்தா அதே கதைதான். நம்பருக்கு முன்னால U+200E போட்டா நிக்கும், அது கண்ணுக்குத் தெரியாத குறி. வெப்பேஜ்னா இப்படி:

```html
<p dir="rtl">... <span dir="ltr">04652 000000</span></p>
```

திருவிதாங்கோடு: எங்க உம்மாக்க உம்மா, அரபி எழுத்துல தமிழ எழுதின அரபுத்தமிழ் கிதாப சரசரன்னு வாசிப்பாங்க, தமிழ் எழுத்துல குடுத்தா திக்குவாங்க. மொழி ஒண்ணுதானே?

கேக்கவே நல்லாருக்கு, அந்த கிதாப பத்திரமா வைங்க. வாசிக்கும்போது கண்ணு நிக்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு புடிபடாது. இங்கிலீஷ் வாசிக்கிறவங்களுக்கு வலது பக்கம் சுமார் 15 எழுத்து, இடது பக்கம் மூணு நாலுதான். ஹீப்ரு, இங்கிலீஷ் ரெண்டும் தெரிஞ்சவங்கள வெச்சு 1981-ல ஒரு ஆராய்ச்சி வந்தது, ஹீப்ரு வாசிக்கும்போது அவங்களுக்கு இடது பக்கம் கூடுதலா புடிபட்டுது, அதே ஆளுங்க இங்கிலீஷ் எடுத்ததும் வலதுக்கு மாறிட்டாங்க. கண்ணு எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கத்த முன்கூட்டியே பாத்து வைக்குது. உங்க பாட்டிக்கு திக்குறது திசையாலயா, தமிழ் எழுத்து பழகாததாலயான்னு பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் சேந்துதான் இருக்கும்.

மார்த்தாண்டம்: திசைன்னீங்கள்லா, என் கடை போர்டு மேலேர்ந்து கீழ எழுதணும், புள்ளி தனியா விழுது.

இது வேற விசயம், இருந்தாலும் சொல்லுதேன். ஜப்பான் எழுத்து ஒவ்வொண்ணும் ஒரு கட்டத்துக்குள்ள அடங்கும், அதனால அடுக்கலாம். நம்ம எழுத்து அப்படி இல்ல, கோ-ன்னா ரெண்டு பக்கமும் கொம்பும் காலும் நீட்டி நிக்கும். நாகர்கோவில்னா நா, க, ர், கோ, வி, ல்னு ஆறு துண்டா நீங்களே என்டர் அடிச்சு பிரிங்க, சாஃப்ட்வேர்ட்ட விட்டா புள்ளிய தனி எழுத்தா கழட்டி எடுத்துரும். என்னக் கேட்டா பேர படுக்கையா எழுதி மொத்தமா சாய்ச்சு மாட்டுறதுதான் வாசிக்க லேசு.

தக்கலைக்காரர் மறுபடி: அரபி தெரியாத பிள்ளைங்க தமிழ மட்டும் வாசிக்கும், அதுங்க பின்னாலேர்ந்துல்லா திறக்கும்?

திறக்கும், நானே பாத்திருக்கேன். ரெண்டு பக்கமும் அட்டை வெச்சு, அரபி அந்தப் பக்கம் தமிழ் இந்தப் பக்கம்னு நடுவுல சந்திக்கிற மாதிரியும் செய்வாங்க, ஆனா அப்போ அர்த்தம் அரபிக்கு நேர் கீழ இருக்காது.

திருவிதாங்கோடு: அது வேண்டாம்ணே, ஓதிட்டே அர்த்தம் பாக்கணும்லா.

அதுவும் நியாயம்தான். தக்கலைக்காரரே, ரெண்டு மாதிரியும் ஒவ்வொண்ணு மடிச்சு பிள்ளைங்க கையில குடுத்துப் பாத்துட்டு வாங்க, அப்புறம் அடிக்கலாம்.